கைப்பேசியில் பேசினால் காது கெடுமா?

மாணவர்களே, ஒரு வாட்ஸ்அப் செய்தி பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் குடும்பக் குழுவிலும் அது ஒரு முறையாவது வந்திருக்கும். "கைப்பேசியை இடது காதில் மட்டும் வைத்துப் பேசுங்கள். மின்கலம் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டால் பேசவே பேசாதீர்கள், அப்போது கதிர்வீச்சு ஆயிரம் மடங்கு அதிகம்" என்று அதில் எழுதியிருக்கும். தெமியாங்கில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் படிவம் 2 மாணவி ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, "எங்க பாட்டி போன்ல பேசிப் பேசித்தான் காது மந்தமாச்சுன்னு சொல்றாங்க, உண்மையா சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வியும் கூட.

ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கைப்பேசியிலிருந்து இரண்டு வேறு வேறு அலைகள் வெளிவருகின்றன. ஒன்று, கோபுரத்தோடு தொடர்பு கொள்ளும் வானொலி அலை. அதை நீங்கள் கேட்க முடியாது, உணரவும் முடியாது. மற்றொன்று, மறுமுனையில் பேசுபவரின் குரலைக் கொண்டுவரும் ஒலி அலை. காது கேட்பதற்கென்றே படைக்கப்பட்டது அதற்காகத்தான். மக்கள் பயப்படுவது முதல் அலையைப் பார்த்து. செவித்திறனைக் கெடுக்கக்கூடியதோ இரண்டாவது அலை. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் வானொலி அலையைப் பார்ப்போம். இந்தப் பயம் வெறும் வதந்தியிலிருந்து மட்டும் வந்ததல்ல; உண்மையான ஆய்வு ஒன்றும் இதற்குப் பின்னால் இருக்கிறது. இந்தியாவின் சண்டிகர் நகரில் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக் கழகம் என்ற புகழ்பெற்ற மருத்துவ நிலையம் உள்ளது. அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவரான நரேஷ் பாண்டாவும் அவருடைய குழுவினரும் கைப்பேசிப் பயனாளர்களின் செவித்திறனைச் சோதித்து, 2010ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் கைப்பேசி பயன்படுத்திய 112 பேரையும், கைப்பேசியையே பயன்படுத்தாத 50 பேரையும் ஒலி புகாத அறையில் உட்கார வைத்துக் காதைப் பரிசோதித்தார்கள். ஒரு நாளைக்கு 60 நிமிடத்துக்கு மேல் பேசுபவர்களிடமும், பல ஆண்டுகளாகப் பயன்படுத்துபவர்களிடமும், 30 வயதைக் கடந்தவர்களிடமும் கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன் குறையும் போக்கு தெரிந்தது. நீண்ட காலம் அதிகமாகப் பேசினால் உள்காது பாதிக்கப்படலாம் என்றார்கள். இதை உறுதி செய்ய இன்னும் பெரிய ஆய்வு தேவை என்றும் அவர்களே எழுதினார்கள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் வாட்ஸ்அப்பில் வருவதே இல்லை.

இந்த ஆய்வை எப்படிப் படிக்க வேண்டும்? அறிவியல் பாடத்தில் மாறிகள் பற்றிப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்தால்தான் காரணத்தைச் சொல்ல முடியும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கைப்பேசியில் பேசுபவர் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வியாபாரியாக இருக்கலாம். சாலையிலும் சந்தையிலும் நின்று பேசுபவராக இருக்கலாம். சத்தத்தை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டி வைத்திருப்பார். அவருக்கு வானொலி அலையும் அதிகம், ஒலி அலையும் அதிகம், சுற்றுப்புற இரைச்சலும் அதிகம். மூன்றும் சேர்ந்தே ஏறுகின்றன. வயது வேறு ஏறுகிறது. வயதானால் உயர் அதிர்வெண் கேட்பது யாருக்கும் குறையத்தான் செய்யும். ஆகவே குறை இருக்கிறது என்று அந்த ஆய்வு காட்டலாம். எந்த அலை அதைச் செய்தது என்று அதனால் காட்ட முடியாது.

அதைத் தெரிந்துகொள்ள வேறு வகைச் சோதனை வேண்டும். காதில் விழும் ஒலியை மாறாமல் வைத்து, வானொலி அலையை மட்டும் மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் 'கார்ட்' என்ற பெயரில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து அதைத்தான் செய்தன. நல்ல செவித்திறன் உள்ள இளைஞர்களின் காதோரம் கைப்பேசியை வைத்து, அதை 10 நிமிடம் அதன் முழு வானொலி ஆற்றலில் இயக்கினார்கள். இன்னொரு நாள் அதே போல வைத்து, அலை வராமல் பார்த்துக்கொண்டார்கள். எந்த நாள் உண்மையான அலை, எந்த நாள் பொய் என்று அமர்ந்திருந்தவருக்கும் தெரியாது, காதைச் சோதித்தவருக்கும் தெரியாது. முன்னும் பின்னும் அளந்து பார்த்ததில் செவித்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. 2007ஆம் ஆண்டு அந்த முடிவு வெளியானது.

"பத்து நிமிடத்தில் என்ன தெரியும், பத்து வருடம் பேசினால்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அதற்காகவே தொடங்கப்பட்டது 'காஸ்மோஸ்' என்ற நீண்ட கால ஆய்வு. சுவீடனிலும் பின்லாந்திலும் 24,169 பேரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த ஆய்வின் சிறப்பு எண்ணிக்கை மட்டுமல்ல. "தினமும் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள்?" என்று கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. காது மந்தமானவர் தன் கைப்பேசியின் மேல் கோபத்தில் இருப்பார், கொஞ்சம் கூட்டியே சொல்வார். அதனால் பேசிய நேரத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவிலிருந்தே எடுத்தார்கள். மிக அதிக நேரம் பேசியவர்களுக்கும் மிகக் குறைவாகப் பேசியவர்களுக்கும் இடையே, காது மந்தமாவதிலோ காதில் இரைச்சல் கேட்பதிலோ வேறுபாடு தெரியவில்லை. இதற்கும் எல்லை உண்டு. அவர்கள் பெரியவர்கள், உங்கள் வயதினர் அல்லர். காதைக் கருவியால் அளக்காமல் கேள்வித்தாள் வழியே கேட்டார்கள். ஆனாலும் சண்டிகரில் சோதிக்கப்பட்ட 162 பேரோடு இந்த 24,169 பேரை ஒப்பிடும்போது தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

சரி, பேசும்போது காது சூடாகிறதே, அது கதிர்வீச்சு இல்லையா? பெரும்பாலும் இல்லை. மின்கலமும் உள்ளே உள்ள சில்லுகளும் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூடான கண்ணாடித் தகட்டைக் காதில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள், காற்றும் படவில்லை. ஒரு புத்தகத்தை அரை மணி நேரம் காதில் அழுத்திப் பிடித்தாலும் காது வெதுவெதுப்பாகத்தான் ஆகும். வானொலி அலையும் திசுவைக் கொஞ்சம் சூடாக்கும் என்பது உண்மைதான். அந்தச் சூடு மிகச் சிறியதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே தலையில் ஒரு கிலோ திசுவுக்கு 2 வாட் என்ற எல்லையை அனைத்துலக அமைப்பு விதித்துள்ளது.

மின்கலத்தின் கடைசிக் கோடு கதைக்கு வருவோம். அதை எழுதியவர் இரண்டு கோடுகளைக் குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது. மின்கலம் குறைந்தால் கைப்பேசியின் அலை ஆற்றல் கூடுவதில்லை. சமிக்ஞைக் கோடு குறைந்தால்தான் கூடும். கோபுரம் தூரத்தில் இருந்தால் கைப்பேசி கொஞ்சம் உரக்கக் கத்தியாக வேண்டும். தோட்டத்துக்குள்ளே, மேட்டுக்குப் பின்னால், ஒரு கோடு மட்டும் தெரியும் இடத்தில் பேசும்போது அது அதிக ஆற்றலைச் செலவிடும். மின்கலம் சீக்கிரம் தீர்வதும் அதனால்தான். அப்போதும் அது தன் உச்ச அளவைத் தாண்டாது. அந்த உச்ச அளவில் வைத்துத்தான் மேலே சொன்ன ஐரோப்பியச் சோதனையே நடந்தது. இடது காதா வலது காதா என்ற பேச்சுக்கோ எந்த அடிப்படையும் இல்லை.

இனி ஒலி அலை. இங்கேதான் உங்கள் கவனம் முழுவதும் தேவை.

உங்கள் உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. கோக்லியா என்று படித்திருப்பீர்கள். அதற்குள் திரவம், அந்தத் திரவத்துக்குள் வரிசையாக மயிர்ச்செல்கள். ஒரு காதில் ஏறத்தாழ 15,000தான். கண்ணில் ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன; காதுக்கு இவ்வளவுதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒலி வந்தால் திரவம் அலைபாயும். அந்த அலையில் மயிர்ச்செல்களின் நுனி சாயும். சாய்ந்தால் நரம்புக்குச் செய்தி போகும். பலத்த ஒலி நெடுநேரம் வந்தால் லாலான் புல்லின் மேல் லாரி ஏறியது போல அந்த நுனிகள் மடங்கிவிடும். சிறிது மடங்கினால் ஓய்வு கொடுத்ததும் நிமிரும். அடிக்கடி மடங்கினால் செல் செத்துவிடும். செத்த செல் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும். அது எப்படி என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எவ்வளவு பலம், எவ்வளவு நேரம்? இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாசலில் ஒரு வாளியை வைத்துவிடுங்கள். நாள் முழுவதும் தூறினாலும் நிறையும், கால் மணி நேரம் கொட்டினாலும் நிறையும். காதுக்கும் அப்படி ஒரு வாளி உண்டு. ஒலியின் பலத்தை டெசிபலில் அளக்கிறோம். அந்த அளவுகோல் நீங்கள் பழகிய அளவுகோல் போன்றதல்ல: 3 டெசிபல் கூடினால் காதுக்குள் வரும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகிறது. ஆகவே 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும், மற்றதை நீங்களே கணக்குப் போடலாம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த விதியில்தான் நிற்கிறது. உங்களில் பலருடைய அப்பாவோ மாமாவோ செம்பனை ஆலையில் வேலை செய்திருப்பார்கள். விசைச்சுழலி ஓடும் அறையில் பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடியும். அப்படிப்பட்ட இடங்களுக்காக 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறை வந்தது. அதன்படி ஒருவர் எட்டு மணி நேர வேலையில் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் இரைச்சலைத் தாங்கக்கூடாது. அதற்கு முன்பிருந்த 1989ஆம் ஆண்டு விதியில் அது 90ஆக இருந்தது. அந்த 5 டெசிபல் வேறுபாட்டை மேலே சொன்ன விதியில் போட்டுப் பாருங்கள்: ஒலி ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல். அந்தக் காலத்தில் ஆலையில் முப்பது வருடம் உழைத்துவிட்டு, இன்று "என்ன? என்ன?" என்று கேட்கும் தாத்தாக்களை நினைத்தால் அந்த எண்ணின் பொருள் புரியும். அவர்கள் கையில் அப்போது கைப்பேசியே இல்லை.

வேலைக்குப் போகிறவருக்கு 85 என்றால் உங்களுக்கு எவ்வளவு? உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து, கைப்பேசி போன்ற கருவிகளில் கேட்கும் ஒலிக்கு ஒரு தரம் வகுத்திருக்கின்றன. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். ஆலைத் தொழிலாளியின் எல்லையை விட 10 டெசிபல் குறைவு, அதாவது ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு. ஏன் இவ்வளவு கண்டிப்பு? வேலையிடச் சட்டம் முழுப் பாதுகாப்புத் தருவதல்ல. கொஞ்சம் பாதிப்பு இருக்கும் என்று தெரிந்தே வகுத்தது. உங்கள் காதோ இன்னும் அறுபது எழுபது வருடம் உழைக்க வேண்டிய காது.

இப்போது அழைப்பை இந்தத் தராசில் வைப்போம். ஒரு மாணவி தினமும் இரவு அரை மணி நேரம் தோழியிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான அறை, ஒலி நடுத்தரம். காதில் விழும் குரல் 75 டெசிபல் என்றே கணக்கிடுவோம். அரை மணி நேரமும் தோழியே பேசமாட்டார். பாதி நேரம் இவர் பேசுவார். ஆகவே கேட்பது 15 நிமிடம். வாரத்துக்கு ஒரு மணி 45 நிமிடம். வாளியின் கொள்ளளவு 40 மணி நேரம். நூற்றில் ஐந்து பங்கு கூட நிறையவில்லை. சாதாரணமாகக் கைப்பேசியில் பேசுவது காதைக் கெடுக்காது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அம்மா திட்டினால் வேறு காரணத்துக்காகத் திட்டட்டும்.

அடுத்து ஒரு மாணவன். பள்ளிக்குப் பேருந்தில் போக அரை மணி, வர அரை மணி. வாரம் 5 மணி நேரம். பழைய பேருந்து, சன்னல் திறந்திருக்கிறது, மேட்டில் ஏறும்போது இயந்திரம் அலறுகிறது. பேருந்தின் இரைச்சல் 78 டெசிபல் என்று கொள்வோம். பாட்டோ குரலோ அந்த இரைச்சலுக்கு மேலே எழுந்தால்தான் கேட்கும். ஆகவே அவன் பொத்தானை அழுத்தி 87க்குக் கொண்டுபோகிறான். வீட்டில் அதே அளவில் வைத்தால் அவனாலேயே தாங்க முடியாது. பேருந்தில் அது சாதாரணமாகத் தோன்றுகிறது. காதை ஏமாற்றுவது இந்த இடம்தான். இப்போது கணக்கு: 75இல் 40 மணி நேரம், 78இல் 20, 81இல் 10, 84இல் 5, 87இல் இரண்டரை மணி நேரம். அவன் கேட்பதோ 5 மணி நேரம். பள்ளிப் பயணத்திலேயே வாரத்தின் வாளி இரண்டு முறை நிரம்பி வழிந்துவிட்டது. பேருந்தின் இரைச்சலை இதில் சேர்க்கவே இல்லை.

இரண்டு பேரும் கையில் வைத்திருப்பது ஒரே மாதிரிக் கைப்பேசி. வானொலி அலையைப் பொறுத்தவரை, தலையோடு ஒட்டிப் பிடித்துப் பேசும் மாணவிக்குத்தான் அது அதிகம். ஆபத்து மாணவனுக்கு.

இதிலிருந்து அழைப்புகளுக்கும் ஒரு விளைவு உண்டு. இரவுச் சந்தையில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஆலை வாசலில், திருவிழாவில் மேளம் முழங்கும்போது இயர்ஃபோனைச் செருகி, ஒலியை முழுதாகக் கூட்டிப் பேசினால், அதுவும் மாணவனின் கணக்கில்தான் சேரும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். இதற்குச் சரியான மருந்து சத்தத்தை விட்டு நாலு அடி தள்ளிப் போவதுதான். போக முடியாவிட்டால் கைப்பேசி இல்லாத மற்றக் காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் ஒரு பக்கம் குறைந்ததும் குரல் தெளிவாகும், பொத்தானைத் தேட மாட்டீர்கள். காதுத் துளையை நன்கு அடைக்கும் ரப்பர் முனை கொண்ட இயர்ஃபோனும் இதே காரணத்தால் நல்லது: வெளிச்சத்தம் உள்ளே வராததால் குறைந்த ஒலியே போதும். சாலையோரம் நடக்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள். லாரி வருவது கேட்காமல் போவது செவித்திறனை விடப் பெரிய விஷயம்.

அழைப்பே நேரடியாகக் காதைக் கெடுத்த காலமும் ஒன்று இருந்தது. 1980களில் அமெரிக்காவில் விற்ற சில கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளில் மணியடிப்பதும் குரல் வருவதும் ஒரே ஒலிபெருக்கித் துளையிலிருந்துதான். எடுத்தவர் பொத்தானை மாற்ற மறந்து காதில் வைத்தால், அடுத்த மணி செவிப்பறைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அடிக்கும். அந்த ஒரே மணியில் நிரந்தரமாகச் செவித்திறன் இழந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். பிறகு மணிக்கென்று தனி ஒலிபெருக்கி வைத்தார்கள். இன்றைய கைப்பேசியில் மணியடிக்கும் ஒலிபெருக்கி கீழே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கைப்பேசி ஒலிபெருக்கி நிலையில் இருப்பதைக் கவனிக்காமல் அந்தக் கீழ்முனையைக் காதோடு ஒட்டி வைப்பது நல்லதல்ல. தம்பி தங்கைகள் விளையாட்டாக அப்படிச் செய்வதுண்டு, தடுத்துவிடுங்கள்.

பாதிப்பு தொடங்கினால் எப்படித் தெரியும்? கச்சேரியோ நீண்ட நேரப் பாட்டோ முடிந்ததும் காதில் ஙொய் என்ற சத்தம் கேட்டாலோ, காதில் பஞ்சு வைத்தது போல இருந்தாலோ, வாளி வழிந்துவிட்டது என்று பொருள். மறுநாள் சரியாகிவிடும். சரியானதும் நாமும் மறந்துவிடுவோம். ஆனால் 2009இல் அமெரிக்காவின் பாஸ்டனில் எலிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று, கேட்கும் அளவு முழுதும் திரும்பிய பிறகும் மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் பல முடிச்சுகள் திரும்பாமல் அறுந்தே இருந்ததைக் காட்டியது.

நிரந்தரப் பாதிப்பு ஓசையில்லாமல் வரும். இரைச்சலால் கெடும் காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலிகளை. செவிச்சோதனையின் வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழும், அதைப் பார்த்ததும் மருத்துவர் "சத்தத்தில் இருந்தீர்களா?" என்று கேட்பார். வயதானதால் வரும் குறையில் கோடு சரிந்துகொண்டே போகும், பள்ளம் விழுந்து மறுபடி ஏறாது. சண்டிகர் ஆய்வு போன்றவற்றில் காரணத்தைத் தேடுபவர்களுக்கு அந்தப் பள்ளம் ஒரு கைரேகை மாதிரி.

நம் மொழியில் இதன் விளைவு என்ன தெரியுமா? உயிரெழுத்துகளின் ஒலி பலமானது, தாழ்ந்த அதிர்வெண் கொண்டது; அது கேட்கும். மெய்யெழுத்துகளின் நுண்ணிய வெடிப்பு உயர் அதிர்வெண் கொண்டது, அது மங்கும். கடை, தடை, படை மூன்றும் ஒன்றாகக் கேட்கத் தொடங்கும். "பேசுவது கேட்குது, என்ன பேசுறாங்கன்னுதான் தெரியலை" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அவர்களிடம் கத்தினால் உயிரெழுத்துதான் கூடும், மெய்யெழுத்து கூடாது. நிதானமாக, முகத்தைப் பார்த்துப் பேசினால் விளங்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பழைய முறைத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். பாதிப்பு தொடங்கும் 4,000 அதில் வருவதே இல்லை. ஆகவே "போன்ல எனக்கு நல்லாத்தான் கேட்குது" என்பது காது நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. புதிய 4ஜி அழைப்புகள் இன்னும் உயர்ந்த அதிர்வெண் வரை கொண்டுவருகின்றன என்றாலும், கைப்பேசியை வைத்துக் காதைச் சோதிக்க முடியாது.

காது அடைத்தால் எல்லாவற்றுக்கும் கைப்பேசியைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இயர்ஃபோனை மணிக்கணக்கில் செருகி வைத்தால் காதுத் துளை ஈரமாகவே இருக்கும். பூஞ்சை வரும், அரிக்கும். குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைத்துக்கொள்ளும். இவை கேட்பதைக் குறைக்கும், ஆனால் மருத்துவர் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இயர்ஃபோனைத் துடைத்து வையுங்கள், பிறருடையதை வாங்கிச் செருகாதீர்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ மந்தமானால், "நேத்து ரொம்ப நேரம் போன் பேசினேன், அதான்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். திடீர்ச் செவிட்டுத்தன்மை என்பது தனி நோய். கைப்பேசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே மருந்து தொடங்கினால் காது திரும்பும் வாய்ப்பு அதிகம். அன்றே அருகிலுள்ள கிளினிக்கில் காட்டி, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இன்று மாலை செய்து பார்க்க ஒரு வேலை. வீட்டில் அமைதியான அறையில், தெளிவாகக் கேட்கும் மிகக் குறைந்த ஒலிக்கு இயர்ஃபோனை வைத்து, எத்தனையாவது கோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளை பேருந்தில் உங்கள் விரல் தானாக எந்தக் கோட்டில் போய் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அமைப்புகளைத் திறங்கள். ஐபோனில் `Headphone Safety` என்றும், சாம்சுங்கில் `Media volume limit` என்றும் இருக்கும். அங்கே ஓர் எல்லையை வைத்தால் அதற்கு மேல் ஒலி ஏறாது. சாம்சுங்கில் `Media` என்ற சொல்லைக் கவனியுங்கள்: அந்த எல்லை பாட்டுக்கும் காணொளிக்கும்தான். அழைப்பின் ஒலிக்குத் தனிக்கோடு. அழைப்பு நடக்கும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.